பொதுப் பெட்டிக்கு வரும் மெயிலுக்கு யார் பொறுப்பு?

ஒரே முகவரிக்கு வரும் மின்னஞ்சல்களைப் பல ஊழியர்கள் திறந்து பார்த்துப் பதில் போடும் பெட்டிதான் பொது அஞ்சல் பெட்டி. கல்லூரியின் சேர்க்கை அலுவலகம், ஏற்றுமதி நிறுவனத்தின் ஆர்டர் பிரிவு, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு என்று பல இடங்களில் வெளியில் அறிவிக்கப்படும் முகவரிக்குப் பின்னால் இருப்பது தனி ஆள் அல்ல, இப்படி ஒரு பெட்டிதான். எழுதுகிறவருக்கு இது வசதி. யார் விடுப்பில் இருக்கிறார், யார் மாற்றலாகிப் போனார் என்றெல்லாம் அவர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் சங்கடம். ஒரே மெயிலுக்கு இரண்டு பேர் பதில் போட்டுவிடுகிறார்கள், இன்னொரு மெயிலுக்கு ஒருவருமே போடுவதில்லை. எதிரெதிரான தவறுகளாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: அந்த மெயில் யாருடைய வேலை என்பதைப் பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இதற்கான தீர்வு, பதில் எழுத உட்காருவதற்கு முன்பே வந்த மெயில்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரே ஒருவர் பெயரில் ஒப்படைத்துவிடுவது. கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலை நடைமுறையில் பல இடங்களில் ஒரு மாதத்தில் குலைந்துபோகிறது. ஊழியர்களின் அக்கறைக் குறைவைவிட, மெயில் பெட்டி இயங்கும் விதம்தான் அதற்குப் பெரும்பாலும் காரணம்.

பொதுப் பெட்டி என்று பேச்சில் சொன்னாலும் அதில் மூன்று வகை உண்டு. முதலாவது, முகவரிக்கு வரும் மெயிலின் நகலை எல்லோருடைய சொந்தப் பெட்டிக்கும் அனுப்பிவைக்கும் விநியோகப் பட்டியல். ஐந்து பேருக்கு ஐந்து நகல் போகும், யார் பதில் போட்டார் என்று மற்ற நால்வருக்கும் தெரியாது. இரண்டாவது, ஒரே கணக்கின் கடவுச்சொல்லை எல்லோரும் வைத்துக்கொள்வது. எந்தப் பதிலை யார் அனுப்பினார் என்ற தடயமே இதில் மிஞ்சாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் கடவுச்சொல்லையும் எல்லோரும் மாற்ற வேண்டும். மூன்றாவதுதான் உண்மையான பொதுப் பெட்டி: பெட்டி ஒன்று, அதைத் திறக்கும் உரிமை மட்டும் பலருடைய சொந்தக் கணக்குகளுக்கு. மைக்ரோசாஃப்ட் 365-இல் இப்படி ஒரு பெட்டிக்கு 50 ஜிபி வரை தனி உரிமக் கட்டணம் கிடையாது என்பதால் அவுட்லுக் பயன்படுத்தும் அலுவலகங்களில் இது பரவலாக இருக்கிறது. இங்கே விளக்கப்படும் முறை இந்த வகையை வைத்துத்தான். முதல் இரண்டு வகைகளில் பிரித்துக்கொடுப்பது ஏறக்குறைய இயலாத காரியம்.

படித்தது என்ற பொய் அடையாளம்

புதிதாகப் பொதுப் பெட்டி கிடைத்த எந்தக் குழுவும் முதலில் செய்வது ஒன்றுதான். தடித்த எழுத்தில் இருப்பது இன்னும் பார்க்காதது, மெல்லிய எழுத்தில் இருப்பது முடிந்தது என்று வாய்மொழியாகப் பேசிக்கொள்வார்கள். சொந்தப் பெட்டியில் இந்தப் பழக்கம் ஓரளவு ஓடும். பொதுப் பெட்டியில் ஓடாது. படித்தது, படிக்காதது என்ற குறி பெட்டியோடு சேர்ந்தது. ஒருவர் திறந்தால் அது எல்லோருக்குமே படித்ததாக மாறிவிடும். அவுட்லுக்கில் பக்கவாட்டுப் பலகையில் மெயிலைச் சற்றே பார்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாலே போதும், தடித்த எழுத்து மறைந்துவிடும். இரவு சாப்பாட்டுக்குப் பின் கைபேசியில் ஒருவர் ஆர்வமாகப் புரட்டிப் பார்க்கிறார், ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வைத்துவிடுகிறார். காலையில் மற்றவர்கள் கண்ணுக்கு அது முடிந்த மெயில். விடுபடும் மெயில்களில் கணிசமானவை இப்படித்தான் விடுபடுகின்றன: கண்ணில் பட்டதால்தான் அவை காணாமல் போகின்றன.

அடுத்த முயற்சி, முக்கியமான மெயிலை எல்லோருக்கும் ஃபார்வர்டு செய்து ‘யாராவது இதைக் கொஞ்சம் பாருங்கள்’ என்று எழுதுவது. இது விடுபடும் வாய்ப்பைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. 1968-இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனை ஒன்றில், இன்டர்காம் வழியே ஒருவர் வலிப்பு வந்து தவிப்பதைக் கேட்ட மாணவர்களைக் கவனித்தார்கள். தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு அடங்குவதற்குள் உதவிக்கு ஆளைத் தேடினார்கள். தன்னைத் தவிர இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் அப்படிச் செய்தவர்கள் 31 சதவீதம். உயிர் போகும் சங்கதியிலேயே நிலைமை இப்படி என்றால், கட்டண ரசீது கேட்டு வந்த மெயிலுக்கு ‘யாராவது’ என்ற சொல் எவ்வளவு தூரம் உதவும்?

வண்ணக் குறி போடுவது இதைவிடக் கொஞ்சம் மேல். ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு நிறம், அவர் பெயரில் ஒரு வகைக் குறி. பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே மெயிலில் இரண்டு குறி போடுவதை மென்பொருள் தடுக்காது. பச்சையும் நீலமும் சேர்ந்து ஒட்டியிருக்கும் மெயிலில் இருவரும் மற்றவர் பார்ப்பார் என்று விட்டுவிடலாம், அல்லது இருவருமே பதில் போடலாம். அதோடு, அனுப்பியவரிடமிருந்து அடுத்த பதில் வரும்போது பழைய நிறம் அதிலும் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ஃபோல்டர் தரும் உறுதி

ஒரு மெயில் ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டரில்தான் இருக்க முடியும். இந்தச் சாதாரண உண்மைதான் முறை முழுவதற்கும் அடித்தளம். பொதுப் பெட்டிக்குள் ஒவ்வொரு ஊழியர் பெயரிலும் ஒரு ஃபோல்டர், முடிந்தவற்றுக்கு ஒன்று. அவ்வளவுதான். இன்பாக்ஸ் என்பதற்கு அதன்பின் ஒரே பொருள்: இன்னும் யாருக்கும் ஒப்படைக்கப்படாத மெயில்கள். ஒரு மெயில் ஒருவர் ஃபோல்டரில் இருந்தால் அது அவருடையது. இன்பாக்ஸில் இருந்தால் பிரித்துக்கொடுப்பவருடையது. இரண்டு பேருக்கும் சொந்தமான மெயில் என்று ஒன்று இருக்கவே இடமில்லை, யாருக்கும் சொந்தமில்லாத மெயிலும் இல்லை.

ஃபோல்டருக்குப் பிரிவின் பெயரை வைக்கலாமா, ஆளின் பெயரை வைக்கலாமா என்ற கேள்வி உடனே எழும். ‘விடுதி’ என்று ஃபோல்டர் வைத்து அதை இரண்டு பேர் பார்த்தால், பொதுப் பெட்டியின் பழைய சிக்கல் அப்படியே உள்ளே ஒரு படி இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஆளின் பெயர்தான் சரி. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் தபால் கையாளும் பழைய முறையும் இதையே செய்கிறது. வந்த தபாலுக்கு எண் போட்டுப் பகிர்மானப் பதிவேட்டில் ஏற்றும்போதே எந்த இருக்கைக்கு என்று குறித்துவிடுவார்கள். அந்த இருக்கைக்காரர் தன்பதிவேட்டில் அதை ஏற்றிக்கொள்வார். கடித எண்ணிலேயே ‘அ1’, ‘ஆ2’ என்று இருக்கை தெரியும். இருக்கை காலியானால் இன்னொருவருக்குக் கூடுதல் பொறுப்பு என்று எழுத்தில் ஆணை போகும். அரசு அலுவலகக் கோப்பு தாமதமாகலாம், ஆனால் அது எந்த மேஜையில் தூங்குகிறது என்று கேட்டால் பதில் இருக்கும். பல தனியார் நிறுவனங்களின் பொதுப் பெட்டிகளில் அந்தப் பதில்கூடக் கிடைப்பதில்லை.

பிரித்துக்கொடுப்பவர்

பிரிக்கும் வேலை ஒரு நேரத்தில் ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். ஐந்து பேர் குழுவில் நாளுக்கு ஒருவர் என்று முறைவைத்துச் சுற்றலாம், அல்லது காலைக்கு ஒருவர், மதியத்துக்கு ஒருவர். இரண்டு பேர் ஒரே சமயத்தில் இன்பாக்ஸில் இறங்கிப் பிரித்தால், ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் மெயிலை மற்றவர் நகர்த்திவிடுவார். அதைவிடப் பெரிய சங்கடம், இன்பாக்ஸில் எதுவும் தங்கினால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் போவது. மற்ற நால்வரும் இன்பாக்ஸைத் திறக்கவே வேண்டியதில்லை, தங்கள் ஃபோல்டரை மட்டும் பார்த்தால் போதும் என்பதும் ஒரு லாபம்.

கோடை விடுமுறை முடியும் தறுவாயில் ஒரு கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கட்டணம், விடுதி, சான்றிதழ், பேருந்து, பொதுவான விசாரணை என்று ஐந்து பேர். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இன்பாக்ஸில் 46 மெயில்கள். அன்று பிரிக்கும் முறைக்காரர் முதலில் செய்வது வரிசையைத் திருப்புவது: பழையது மேலே, புதியது கீழே. இதைச் செய்யாவிட்டால் கண் எப்போதும் புதிய மெயிலுக்கே போகும், சனிக்கிழமை வந்தது அடியில் கிடக்கும். விளம்பரமும் செய்திமடலுமாக ஒன்பது கழிகின்றன. ‘விடுப்பில் இருக்கிறேன்’ என்ற தானியங்கிப் பதில்கள் நான்கு. ஏற்கெனவே எழுதியதையே மறுபடி அனுப்பியவை மூன்று, அவை முந்தைய மெயில் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே போகின்றன. மீதி முப்பதைப் பிரிக்க வேண்டும். ஒன்றுக்கு அரை நிமிடம் என்றால் கால் மணி நேர வேலை.

இந்தக் கால் மணி நேரத்தில் பிரிப்பவர் எதற்கும் பதில் எழுதக் கூடாது. ‘இது ஒரு வரிப் பதில்தானே, போட்டுவிட்டுப் போகலாம்’ என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுத்தால் எளிதான மெயில்கள் முடிந்து, கடினமானவை பிரிக்கப்படாமல் இன்பாக்ஸில் தங்கிவிடும். பத்து மணிக்கு யாராவது பிரிப்பவரைக் கூப்பிட்டுவிட்டால் அன்றைய பிரிப்பு அத்தோடு நின்றுவிடும். இன்பாக்ஸ் காலியான பிறகு, எளிதானவையும் தன் பெயர் ஃபோல்டருக்கு வந்த பிறகு, பதில் எழுதலாம். யாரிடம் கொடுப்பது என்று புரியாத மெயிலையும் இன்பாக்ஸில் விட்டுவைக்கக் கூடாது. அது பிரிப்பவர் ஃபோல்டருக்கே போக வேண்டும். சரியான ஆளைத் தேடிப் பிடிப்பது அவர் வேலை.

மூன்று கேள்விகளுள்ள ஒரு கடிதம்

அந்த 46-இல் ஒன்று, சனிக்கிழமை இரவு ஒரு மாணவரின் தந்தை எழுதியது. இணையத்தில் கட்டணம் கட்டும்போது தோல்வி என்று காட்டியதால் மறுபடி கட்டியிருக்கிறார், வங்கிக் கணக்கில் இரண்டு முறையும் பணம் கழிந்துவிட்டது. விடுதியில் இடம் உண்டா என்று இன்னொரு கேள்வி. அசல் மாற்றுச் சான்றிதழ் வேறொரு வேலைக்காக இரண்டு நாள் தேவை, வாங்கிக்கொள்ளலாமா என்பது மூன்றாவது. ஒரு மெயில், மூன்று பிரிவு. பிரிவுக்கு ஒரு நகல் என்று மூன்றாக அனுப்பிவிடுவதுதான் இயல்பாகத் தோன்றும். அங்கேதான் சறுக்கல். விடுதி பார்ப்பவர் உடனே பதில் போடுவார், தந்தை நன்றி சொல்வார், அந்த நன்றியைப் பார்த்து விஷயம் முடிந்தது என்று கட்டணம் பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். பணம் இரண்டு முறை கழிந்த சங்கதி அப்படியே நிற்கும்.

எனவே மெயில் பிரிக்கப்படுவதில்லை. முழுதாக ஒருவருக்குப் போகிறது. யாருக்கு? தாமதமானால் எந்தக் கேள்வி அதிகச் சேதம் செய்யுமோ அதைக் கையாள்பவருக்கு. இங்கே பணம், ஆகவே கட்டணம் பார்ப்பவர் பொறுப்பாளர். பொறுப்பாளர் என்பதால் மூன்று வேலையையும் அவரே செய்ய வேண்டும் என்று பொருளில்லை. மூன்றுக்கும் பதில் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது அவர் கடமை. விடுதி பார்ப்பவரிடமும் சான்றிதழ் பார்ப்பவரிடமும் நேரில் அல்லது அலுவலகக் குழுச் செய்தியில் கேட்டு, தந்தைக்கு ஒரே பதிலாக எழுதுகிறார். வங்கிப் பணம் திரும்பிவர நாளாகும் என்றால், விடுதிக்கும் சான்றிதழுக்கும் இப்போதே பதில் சொல்லிவிட்டு, பணத்தைப் பற்றி எந்தத் தேதிக்குள் தகவல் தருவார் என்றும் அதே மெயிலில் எழுதுகிறார். மெயில் அவர் ஃபோல்டரிலேயே அந்தத் தேதிக்கான நினைவூட்டலோடு இருக்கும். பதில் அனுப்பியதும் முடிந்தவற்றில் போடுவது அவசரப்படுவோர் செய்யும் தவறு. கேட்டது எல்லாம் தீர்ந்தால்தான் அது முடிந்த மெயில்.

சக ஊழியரிடம் விவரம் கேட்கத் தந்தையின் மெயிலையே ஃபார்வர்டு செய்வதில் ஓர் ஆபத்து உண்டு. அவர் உதவும் எண்ணத்தில் தன் சொந்த முகவரியிலிருந்து நேரடியாகத் தந்தைக்கே பதில் போட்டுவிடலாம். அந்தக் கணத்திலிருந்து தந்தை எழுதுவதெல்லாம் அந்த ஊழியரின் சொந்தப் பெட்டிக்குப் போகும். பொதுப் பெட்டியில் ஒரு சுவடும் இருக்காது. அவர் விடுப்பில் போனால் கதை முடிந்தது. பொது முகவரிக்கு வந்ததற்குப் பொது முகவரியிலிருந்துதான் பதில் போக வேண்டும் என்பதை விதிவிலக்கே இல்லாத விதியாக வைத்துக்கொள்வது நல்லது.

புதன்கிழமை அதே தந்தை மகனின் முகவரியிலிருந்து ‘இன்னும் பதில் இல்லையே’ என்று தனியாக எழுதுகிறார். பழைய மெயிலுக்குப் பதிலாக எழுதியிருந்தால், மெயிலுக்குள் மறைந்திருக்கும் References, In-Reply-To என்ற தலைப்பு வரிகளை வைத்து மென்பொருளே இரண்டையும் ஒரே உரையாடலாகக் கோத்துக் காட்டும். வேறு முகவரி, புது மெயில், வேறு தலைப்பு என்றால் அந்தக் கோவை அறுந்துபோகும். பிரிப்பவருக்கு இது புதுக் கேள்வியாகத் தெரிந்து, வேறொருவருக்குப் போய், அவர் ‘பணம் திரும்ப வராது’ என்று எழுதிவைத்தால், ஒரே அலுவலகத்திலிருந்து முரண்பட்ட இரண்டு பதில். இரட்டைப் பதில்கள் பெரும்பாலும் பிறப்பது இந்த இடத்தில்தான். இரண்டு பேர் ஒரே மெயிலைத் திறந்ததைவிட, ஒரே விஷயம் இரண்டு மெயிலாக வந்ததே அடிக்கடி நேர்கிறது. ஆகவே பிரிப்பவர் யாருக்கும் ஒப்படைக்கும் முன் ஒரு தேடல் போட வேண்டும்: விண்ணப்ப எண், அது இல்லாவிட்டால் மாணவர் பெயர். விண்ணப்ப எண்ணைத் தலைப்பில் எழுதும்படி முதல் பதிலிலேயே கேட்டுக்கொண்டால் இந்தத் தேடல் சில நொடி வேலையாகிவிடும். கிடைத்தால், பழைய பொறுப்பாளரே புதிய மெயிலுக்கும் பொறுப்பாளர்.

மென்பொருள் ஒளித்துவைக்கும் மெயில்கள்

முறை சரியாக இருந்தும் சில மெயில்கள் கண்ணில் படாமல் போகும். அவுட்லுக் பெட்டிகளில் முதல் பொறி, அனுப்பிய பதில்கள். பொது முகவரியின் பெயரில் பதில் அனுப்பினாலும், அதன் நகல் இயல்பாக அனுப்பியவரின் சொந்தப் பெட்டியில் உள்ள ‘அனுப்பியவை’யில்தான் போய் விழும். பொதுப் பெட்டியில் மற்றவர் பார்த்தால் அந்த மெயிலுக்குப் பதிலே போகாதது போல இருக்கும், அவரும் ஒரு பதில் போடுவார். நிர்வாகி ஒருமுறை அமைப்பை மாற்றினால் நகல் பொதுப் பெட்டியிலும் சேமிக்கப்படும். நிர்வாகப் பக்கத்திலேயே மாற்றலாம், கட்டளையாகவும் கொடுக்கலாம்:

```
Set-Mailbox admissions@example.edu -MessageCopyForSentAsEnabled $true
Set-Mailbox admissions@example.edu -MessageCopyForSendOnBehalfEnabled $true
```

முதல் வரி, பொது முகவரியாகவே அனுப்பும் பதில்களுக்கு. இரண்டாவது, ‘இன்னார் சார்பில்’ என்று அனுப்புபவற்றுக்கு. இந்த அமைப்பு இல்லாத பொதுப் பெட்டியில் வேறு எந்த ஒழுங்கும் நிலைக்காது என்பதால், புதுப் பெட்டி திறந்த அன்றே இதைச் செய்துவிடுவது உத்தமம்.

இரண்டாவது பொறி, அழித்த மெயில்கள். கணினியில் நிறுவும் பழைய அவுட்லுக்கில், பொதுப் பெட்டியிலிருந்து ஒருவர் அழிக்கும் மெயில் வழக்கமாக அவருடைய சொந்தக் குப்பைத் தொட்டிக்குப் போகும். பொதுப் பெட்டியின் குப்பைத் தொட்டியில் தேடினால் கிடைக்காது. எனவே விளம்பரம் என்று தோன்றியதையும் அழிக்காமல் ‘தேவையில்லை’ என்று ஒரு ஃபோல்டரில் போட்டுவைப்பது பாதுகாப்பு. தவறாகத் தள்ளியதை அப்போதுதான் மீட்க முடியும்.

மூன்றாவது, குப்பை மெயில் ஃபோல்டர். சொந்தப் பெட்டியில் நாமே அவ்வப்போது எட்டிப் பார்ப்போம். பொதுப் பெட்டியில் அது யார் வேலை என்று எழுதாவிட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். பிரிப்பவரின் காலை வேலையில் இதையும் சேர்த்துவிட வேண்டும். அதேபோல, அனுப்பிய பதில் முகவரி தவறால் சேராமல் திரும்பினால் அந்த அறிவிப்பு வழக்கமாகப் பொதுப் பெட்டிக்கே வரும். அதை இயந்திர மெயில் என்று ஒதுக்கிவிடாமல் பதில் எழுதியவரிடம் கொடுக்க வேண்டும். தரவில்லையென்றால், அலுவலகக் கணக்கில் முடிந்த மெயில், எழுதியவர் கணக்கில் பதிலே வராத மெயில்.

கைமாறும்போது

பொறுப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறத்தான் செய்யும். தவறாகப் பிரித்திருக்கலாம், உடல்நிலை சரியில்லாமல் போகலாம். இங்கே ஒரு சின்ன விதி பெரிய தகராறுகளைத் தடுக்கும்: நகர்த்துவது எடுத்துக்கொள்கிறவர்தான், தள்ளிவிடுபவர் அல்ல. கட்டணம் பார்ப்பவர் ‘இது என் வேலை இல்லை’ என்று மெயிலை விடுதிக்காரர் ஃபோல்டரில் தூக்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. கேட்டு, அவர் சரி என்று சொல்லி, அவரே தன் ஃபோல்டருக்கு எடுத்துக்கொண்ட பிறகுதான் கைமாறியது. அதுவரை பழைய ஆள்தான் பொறுப்பு. விதி தலைகீழாக இருக்கும் அலுவலகங்களில் ஒரே மெயில் ஒரு வாரம் ஃபோல்டர் ஃபோல்டராக ஊர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

விடுப்பில் போகிறவர் தன் ஃபோல்டரைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டியதில்லை. யாருக்குக் கூடுதல் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனால் போதும். சொல்லாமல் வராத நாளில் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்: அன்று பிரிப்பவரே காலையில் அந்த ஃபோல்டரைத் திறந்து, அன்றைக்குக் கெடு உள்ளவற்றை மட்டும் எடுத்து மற்றவர்களிடம் ஒப்படைப்பார். இதற்காகவே ஃபோல்டர்கள் எல்லோரும் பார்க்கக்கூடியவையாகப் பொதுப் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். தங்கள் மெயில்களைச் சொந்தப் பெட்டிக்கு இழுத்துக்கொள்ளும் ஊழியரின் மேஜை சுத்தமாக இருக்கும், ஆனால் அவர் வராத நாளில் யாராலும் எதையும் எடுக்க முடியாது.

சரியாக நடக்கிறதா என்று அறிய

மொத்தம் எத்தனை மெயில் தீர்ந்தது என்ற எண்ணிக்கை ஆறுதல் தரும், உண்மை சொல்லாது. இரண்டு கேள்விகள் போதும். மாலையில் இன்பாக்ஸில் எத்தனை மெயில் இருக்கின்றன? சரியான விடை பூச்சியம், அல்லது பிரிப்பவர் கிளம்பிய பின் வந்த இரண்டோ மூன்றோ. ஒவ்வொருவர் ஃபோல்டரிலும் மிகப் பழைய மெயில் எத்தனை நாள் பழையது? ஒருவர் ஃபோல்டரில் அறுபது மெயில் இருந்தும் மிகப் பழையது நேற்று வந்தது என்றால் கவலையில்லை. இன்னொருவரிடம் ஐந்தே மெயில், ஆனால் ஒன்று பதினோரு நாள் பழையது என்றால் அதைத்தான் விசாரிக்க வேண்டும். எண்ணிக்கையை வைத்து ஊழியர்களை ஒப்பிடத் தொடங்கினால், எளிதானவற்றைப் பொறுக்கி எடுக்கும் போட்டிதான் உருவாகும்.

இரட்டைப் பதிலைக் கண்டுபிடிக்க, வாரத்துக்கு ஒருமுறை அனுப்பியவை ஃபோல்டரைப் பெறுநர் பெயர்வாரியாக அடுக்கிப் பார்க்கலாம். ஒரே பெறுநருக்கு ஒரு நாளுக்குள் இரண்டு ஊழியர்கள் எழுதியிருந்தால் அங்கே ஏதோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் தேடல் போடாமல் பிரித்ததாகவே இருக்கும்.

எதுவரை தாங்கும்

ஃபோல்டர் முறை நான்கைந்து பேருக்கு, நாளுக்கு நூறு மெயில் அளவுக்குத் தாராளமாகப் போதும். அதைத் தாண்டினால் பிரிப்பவரே முழுநேர ஊழியராகிவிடுவார், பழைய பொறுப்பாளரைத் தேடுவது சுமையாகிவிடும். அந்த இடத்தில்தான் டிக்கெட் மென்பொருள்கள் பொருந்துகின்றன. 1996-இல் ஜெஸ்ஸி வின்சென்ட் எழுதத் தொடங்கிய ரெக்வெஸ்ட் டிராக்கர் இவற்றில் மூத்த ஒன்று. அதில் வரும் ஒவ்வொரு மெயிலும் எண்ணுள்ள டிக்கெட் ஆகிறது. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரே ஒரு உரிமையாளர்தான் இருக்க முடியும், புதிதாக வந்ததற்கு உரிமையாளர் பெயர் Nobody. உரிமையாளர் இல்லாததை Take அழுத்தி எடுத்துக்கொள்ளலாம். வராத ஊழியரிடம் இருப்பதை Steal அழுத்திப் பறித்துக்கொள்ளலாம், யார் எப்போது பறித்தார் என்பது பதிவாகும். தலைப்பில் எண் ஒட்டியிருப்பதால் அந்தத் தலைப்போடு வரும் அடுத்த பதில் தானாகவே பழைய டிக்கெட்டில் சேர்ந்துவிடும்.

2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், அதே ஊர் ஸோஹோவின் டெஸ்க் போன்றவை இதே வேலையை இன்னும் எளிதாகச் செய்கின்றன. ஒருவர் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போது அதே டிக்கெட்டை இன்னொருவர் திறந்தால் திரையிலேயே எச்சரிக்கை தெரியும் வசதியும் உண்டு. கூகுள் பயன்படுத்தும் அலுவலகங்களில் கூகுள் குரூப்ஸின் கூட்டு இன்பாக்ஸ் வசதியில் உரையாடல்களை ஒருவர் பெயரில் ஒப்படைக்கலாம், முடிந்தது என்று குறிக்கலாம்.

ஆனால் எந்த மென்பொருளும் உரிமையாளர் பெட்டியில் ஆளின் பெயரைத் தானே யோசித்து எழுதாது. டிக்கெட் மென்பொருள் வாங்கிய பிறகும் ‘விடுதிப் பிரிவு’ என்று குழுவின் பெயரை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளும் அலுவலகங்களில் மெயில்கள் முன்பு போலவே விடுபடுகின்றன. பிரிப்பவர் யார் என்று தீர்மானிக்காத குழு மென்பொருளுக்குப் பணம் கட்டுவது வீண். ஃபோல்டர் முறையை ஒரு மாதம் நடத்திப் பார்த்து, அது போதவில்லை என்று தெரிந்த பிறகு வாங்குவதே சரி.